வேலையை விட்டுப் போனவரின் மெயில்பாக்ஸை மூடுவது எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். உதிரிபாகங்களைக் கடைந்து பெரிய ஆலைகளுக்கு அனுப்புகிற நிறுவனம். அங்கே ஆறு வருடமாகக் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி ஜூன் 30ஆம் தேதியோடு விலகுகிறார். அவருடைய முகவரி selvi@example.com. மெயில் மைக்ரோசாஃப்ட் 365இல் ஓடுகிறது. மெயில்பாக்ஸை நிர்வகிக்கும் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறது. பெயர்கள் கற்பனை, வேலை மட்டும் எல்லா அலுவலகத்திலும் இதேதான்.

அக்கவுண்டை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் செல்வி போன பிறகும் அந்த முகவரிக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் வாடிக்கையாளர் திங்கட்கிழமை தோறும் சப்ளை அட்டவணை அனுப்புவார். பாரிமுனை டூல்ஸ் கடைக்காரர் திருத்திய விலைப்பட்டியல் அனுப்புவார். இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு நினைவூட்டல் வருடத்துக்கு ஒரு முறை வரும். இவற்றில் மனிதர்கள் எழுதுபவை, இயந்திரங்கள் அனுப்புபவை என்று இரண்டு வகை உண்டு. ஆட்டோ-ரிப்ளையைப் படித்துவிட்டு மனிதர்கள் முகவரியை மாற்றிக்கொள்வார்கள். இயந்திரம் எதையும் படிக்காது. அதற்கு ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றித் தர வேண்டும். அதனால்தான் ஃபார்வர்டும் ஆட்டோ-ரிப்ளையும் போட்ட பிறகும், பெயர் குறிப்பிட்டு ஒருவரை நியமிப்பது அவசியமாகிறது. நம் கதையில் அந்தப் பொறுப்பை ஸ்டோர்ஸில் இருக்கும் ரமா ஏற்றிருக்கிறார்.

கடைசி நாளுக்கு முன்பே

செல்வி நாற்காலியில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. அவருடைய முகவரியும் கைபேசி எண்ணும் எந்தெந்த இணையதளங்களில் பதிவாகியிருக்கின்றன என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டலை முதலில் பாருங்கள். அங்கே கையொப்ப அதிகாரம் பெற்றவரின் மெயிலுக்கும் கைபேசிக்கும்தான் ஓ.டி.பி. போகும். உள்ளே நுழைந்து Amendment of Registration Non-Core Fields என்ற பகுதியில் மாற்றலாம். மாற்றும்போது ஓ.டி.பி. பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் பக்கத்தில் இருந்தால் பத்து நிமிட வேலை. அவர் போன பிறகு அந்த எண்ணும் கிடைக்காது என்றால், உங்கள் பகுதி ஜி.எஸ்.டி. அதிகாரிக்கு விண்ணப்பம் கொடுத்து மாற்ற வேண்டி வரும்.

இன்னொன்று, சொந்த விஷயம். ஆறு வருடத்தில் வங்கி ஸ்டேட்மென்ட், எல்.ஐ.சி. ரசீது, பிள்ளைகளின் பள்ளி அறிவிப்பு என்று எதையாவது அலுவலக முகவரிக்கு வரவழைத்திருப்பார். அதில் தவறு ஒன்றும் இல்லை, பலரும் செய்வதுதான். “மேடம், இந்த முகவரி செப்டம்பர் வரைக்கும்தான் இருக்கும், உங்க சொந்த விஷயங்களுக்கு முகவரியை மாத்திடுங்க” என்று நேராகச் சொல்லுங்கள். தனிப்பட்ட கடிதங்களைத் தம் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். பிறகும் ஏதாவது வந்தால் எங்கே அனுப்புவது என்று ஒரு முகவரியையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுவதில் வரிசை முக்கியம்

ஜூன் 30 மாலை, அட்மின் சென்டரில் Users, Active users என்று போய் செல்வியின் பெயரைத் திறங்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து Block sign-in. அதற்கடுத்து Account டேபில் Sign out of all sessions. Block sign-in முழுமையாக நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரைகூட ஆகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. அதனால்தான் பாஸ்வேர்டு முதலில். கைபேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் அவுட்லுக் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய அனுமதி காலாவதியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

அப்புறம்தான் மெயில்பாக்ஸ். அதே பக்கத்தில் Mail டேபில் Convert to shared mailbox இருக்கிறது. அனுமதி பெற்ற மற்றவர்கள் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பெட்டியாக அது மாற்றிவிடும். அதை அழுத்தி, மாற்றம் முடிந்ததை உறுதி செய்த பிறகே லைசென்ஸை எடுங்கள். மாற்றும்போது லைசென்ஸ் இருந்தாக வேண்டும். மாதச் செலவை மிச்சம் பிடிக்கிற அவசரத்தில் பலர் முதலில் லைசென்ஸை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மெயில்பாக்ஸ் 30 நாள் மட்டும் காத்திருக்கும், பிறகு போய்விடும். அந்த 30 நாளுக்குள் லைசென்ஸைத் திரும்பக் கொடுத்தால் மெயில்பாக்ஸும் திரும்பக் கிடைக்கும்.

ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு 50 ஜிபி வரை லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு மேல் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 2 லைசென்ஸ் வேண்டும். ஆர்க்கைவோ, சட்டத் தேவைக்காக எதையும் அழியாமல் வைக்கும் லிட்டிகேஷன் ஹோல்டோ போட்டிருந்தால் பிளான் 2, அல்லது பிளான் 1உடன் ஆர்க்கைவிங் ஆட்-ஆன் வேண்டும். மாற்றுவதற்கு முன் அளவைப் பார்த்துவிடுங்கள். வரைபடங்களை மெயிலிலேயே வாங்கி அனுப்பும் பட்டறைகளில் பெட்டி வேகமாக ஊதும்.

முக்கியமாக ஒன்று: லைசென்ஸை எடுத்த பிறகு, “இனி இந்த யூசர் எதற்கு” என்று செல்வியின் அக்கவுண்டை அழித்துவிடாதீர்கள். ஷேர்டு மெயில்பாக்ஸ் அந்த அக்கவுண்டோடு ஒட்டியே இருக்கிறது. அக்கவுண்ட் போனால் பெட்டியும் போகும். தவறுதலாக நடந்தால் 30 நாளுக்குள் Deleted users பட்டியலில் இருந்து மீட்கலாம்.

பழைய ரூல்களைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். செல்வி தம் வசதிக்காக இன்பாக்ஸ் ரூல்கள் வைத்திருப்பார். பாரிமுனைக் கடைக்காரரின் மெயில் வந்தால் ‘டூல்ஸ்’ ஃபோல்டருக்குப் போ, ஸ்ரீபெரும்புதூர் மெயில் வந்தால் ‘ஷெட்யூல்’ ஃபோல்டருக்குப் போ என்பது போல. அவர் போன பிறகும் இவை ஓடிக்கொண்டே இருக்கும். ரமா இன்பாக்ஸை மட்டும் பார்த்து “இன்னைக்கு ஒண்ணும் வரலை” என்பார், கடிதம் ஃபோல்டருக்குள் படிக்காமல் கிடக்கும். சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பும் ரூலும் இருக்கலாம். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, வீட்டிலிருந்து பார்க்க வசதியாக வைத்திருப்பார்கள்.

பவர்ஷெல்லில் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மாட்யூல் இருந்தால் இப்படிப் பார்க்கலாம்:

```
Connect-ExchangeOnline
Get-InboxRule -Mailbox selvi@example.com |
  Format-List Name,Enabled,ForwardTo,RedirectTo,MoveToFolder,DeleteMessage
Get-Mailbox selvi@example.com |
  Format-List ForwardingAddress,ForwardingSmtpAddress,DeliverToMailboxAndForward
```

வருகிற பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, பிறகு எல்லா ரூலையும் நிறுத்திவிடுங்கள். அழிக்க வேண்டாம், நிறுத்தினால் போதும். பட்டியலில் உள்ள ஃபோல்டர் பெயர்களே செல்வி யாரோடெல்லாம் தொடர்பில் இருந்தார் என்பதற்கு ஒரு நல்ல குறிப்பு. அதை ரமாவிடம் கொடுங்கள்.

இதோடு குழு முகவரிகளையும் பாருங்கள். purchase@example.com என்ற பொது முகவரியில் செல்வி உறுப்பினராக இருந்தால் உடனே நீக்குங்கள். நீக்காவிட்டால் அங்கே வரும் ஒவ்வொரு மெயிலும் செல்வியின் பெட்டிக்கும் போய், அங்கிருந்து ஃபார்வர்ட் ஆகி ரமாவுக்கு இரண்டாவது முறை வந்து நிற்கும்.

யாருக்கு ஃபார்வர்ட், எப்படி?

ஃபார்வர்ட் யாருக்கு என்று கேட்டால் “முதலாளியோட ஜிமெயிலுக்குப் போட்டுடுங்க” என்று சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 365 வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்ட் செய்வதை இயல்பிலேயே தடுத்துவைத்திருக்கிறது. முயன்றால் 5.7.520 என்ற எண்ணோடு மெயில் திரும்பும். அந்தத் தடையை இதற்காகத் திறந்துவிட்டால், நாளை யாருடைய பாஸ்வேர்டாவது திருடுபோகும்போது திருடனுக்கும் அதே கதவு திறந்திருக்கும். கம்பெனிக்கு வரும் கடிதம் கம்பெனிக்குள்ளேயே இருக்கட்டும்.

purchase@ முகவரிக்கு ஃபார்வர்ட் போடலாமே என்று தோன்றும். அதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பெட்டியை நான்கு பேர் பார்ப்பார்கள். செல்வியின் மருத்துவ ரிப்போர்ட் வந்தால் நான்கு பேர் கண்ணிலும் படும். நான்கு பேர் பார்க்கிற பெட்டியில் “அவர் பார்த்திருப்பார்” என்று ஒவ்வொருவரும் நினைத்து, யாருமே பதில் எழுதாமல் போவதும் உண்டு. ஃபார்வர்ட் ரமாவின் சொந்த அலுவலகப் பெட்டிக்கே போகட்டும். ரமா விடுப்பில் போனால் யார் பார்ப்பது என்று இன்னொரு பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஷேர்டு மெயில்பாக்ஸ் பக்கத்தில் Email forwarding திறந்து ரமாவின் முகவரியைக் கொடுங்கள். கீழே Keep a copy of forwarded email in this mailbox என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கட்டாயம் டிக் போடுங்கள். டிக் இல்லாவிட்டால் மெயில் செல்வியின் பெட்டிக்குள் வராமலேயே ரமாவுக்குத் திரும்பிவிடும். பெட்டிக்குள் மெயில் வந்தால்தான் ஆட்டோ-ரிப்ளை கிளம்பும். ஃபார்வர்ட் ஒழுங்காக வேலை செய்யும், ஆட்டோ-ரிப்ளை மட்டும் யாருக்கும் போகாது, காரணமும் புரியாது. மாதக்கணக்கில் வாடிக்கையாளர்கள் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு டிக்தான் காரணம். பவர்ஷெல்லில் அது இப்படி:

```
Set-Mailbox selvi@example.com -ForwardingAddress rama@example.com -DeliverToMailboxAndForward $true
```

ஃபார்வர்ட் ஆன மெயிலில் To என்ற இடத்தில் selvi@ என்றே இருக்கும். ரமாவின் அவுட்லுக்கில், selvi@ முகவரிக்கு வந்தவை தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு ரூல் போட்டுக்கொடுங்கள். அவருடைய அன்றாட வேலையோடு கலக்காது.

ரமாவுக்கு செல்வியின் பெட்டியைத் திறந்து படிக்கும் அனுமதியும் வேண்டும், Read and manage என்ற பெயரில் அது இருக்கிறது. பழைய கடிதப் போக்குவரத்தைத் தேட அதுதான் வழி. டெஸ்க்டாப் அவுட்லுக்கில் சிறிது நேரத்தில் பெட்டி தானாகவே இடது பக்கம் வந்து நிற்கும். Send as அனுமதியை மட்டும் கொடுக்காதீர்கள். போனவரின் பெயரில் இன்னொருவர் கடிதம் எழுதுவது பெறுபவரை ஏமாற்றுவது. நாளை ஒரு விலையிலோ டெலிவரி தேதியிலோ தகராறு வந்தால் செல்வி தாம் எழுதாத கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். ரமா பதில் எழுதினால் purchase@ முகவரியிலிருந்து, தம் பெயரைப் போட்டு எழுதட்டும்.

ஆட்டோ-ரிப்ளையில் என்ன எழுதுவது?

நான்கே விஷயம்: அவர் இங்கே இல்லை, இனி எங்கே எழுத வேண்டும், இப்போது அனுப்பிய கடிதம் என்ன ஆகும், இந்த முகவரி எப்போது நிற்கும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் வாடிக்கையாளர் அதே பர்ச்சேஸ் ஆர்டரைப் புது முகவரிக்கும் ஒரு முறை அனுப்புவார். ரமா ஒன்றைப் பதிவு செய்வார், கொள்முதல் பிரிவில் இன்னொருவர் அதையே இரண்டாவது ஆர்டராகப் பதிவு செய்வார். எனவே இப்படி எழுதலாம்:

> வணக்கம். செல்வி இப்போது எங்கள் நிறுவனத்தில் பணிபுரியவில்லை. நீங்கள் இப்போது அனுப்பிய கடிதம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. கொள்முதல் பிரிவிலிருந்து பதில் வரும், மறுபடி அனுப்ப வேண்டாம். இனி purchase@example.com என்ற முகவரிக்கு எழுதுங்கள். அவசரமென்றால் அலுவலகத் தொலைபேசிக்கு அழையுங்கள். இந்த முகவரி செப்டம்பர் 30க்குப் பிறகு இயங்காது.

வெளிமாநில வாடிக்கையாளர்கள் இருந்தால் இதையே கீழே ஆங்கிலத்திலும் போடுங்கள். ஏன் விலகினார், எங்கே சேர்ந்தார், அவருடைய சொந்த எண் என்ன என்பதெல்லாம் வேண்டாம். ரமாவின் பெயரையும் வெளியே போகும் பதிலில் போடாதீர்கள். மோசடிக்காரர்களுக்கும் அதே ஆட்டோ-ரிப்ளைதான் போகும். ‘செல்வி போய்விட்டார், இப்போது ரமா பார்க்கிறார்’ என்று தெரிந்தால், பழக்கமில்லாத புதிய ஆளிடம் எதை எழுதினால் நம்புவார் என்று கணக்குப் போடுவது அவர்களுக்குச் சுலபம். உள்ளே இருப்பவர்களுக்குப் போகும் பதிலில் ரமாவின் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். அட்மின் சென்டரில் உள்ளே, வெளியே என்று இரண்டு தனிப் பெட்டிகள் இருக்கின்றன.

வெளியே அனுப்பும் பகுதியில், தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற தேர்வு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் செல்வி சேமிக்காத எந்த முகவரிக்கும் பதில் போகாது. எல்லா வெளி ஆட்களுக்கும் என்பதே நமக்கு வேண்டும். பவர்ஷெல்லில் அது ExternalAudience என்ற அமைப்பு, அதன் மதிப்பு All என்று இருக்க வேண்டும்.

சோதனை

எல்லாம் போட்டு முடித்த பிறகு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஜிமெயிலிலிருந்து selvi@ முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: ஜிமெயிலுக்கு ஆட்டோ-ரிப்ளை வந்ததா, ரமாவின் தனி ஃபோல்டருக்கு ஃபார்வர்ட் வந்ததா, செல்வியின் பெட்டியில் பிரதி கிடக்கிறதா.

ஃபார்வர்ட் வந்து, பெட்டியில் பிரதி இல்லை என்றால் அந்த டிக் விடுபட்டிருக்கிறது. பிரதியும் இருந்து ஆட்டோ-ரிப்ளை மட்டும் வரவில்லை என்றால் வெளி ஆட்கள் அமைப்பைப் பாருங்கள், ஜிமெயிலின் ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கள். முதல் சோதனையில் பதில் வந்து இரண்டாவது சோதனையில் வரவில்லை என்றால் பிழை எதுவும் இல்லை. ஒரு அனுப்புநருக்கு ஒரு முறைதான் ஆட்டோ-ரிப்ளை போகும், அணைத்து மறுபடி போடும்வரை அப்படித்தான். மீண்டும் சோதிக்க வேறொரு வெளி முகவரியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு முறைதான் போகும் என்பதால் இன்னொரு விஷயமும் தெளிவாகிறது. ஜூலை முதல் வாரம் பதிலைப் பார்த்துவிட்டு மறந்துபோன வாடிக்கையாளருக்கு ஆகஸ்டில் நினைவூட்டல் எதுவும் போகாது. அவர் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருப்பதை ரமாதான் கவனித்து, தனியாக ஒரு வரி எழுத வேண்டும்.

ரமாவின் வேலை

முதல் வேலை, பின்னோக்கித் தேடுவது. செல்வியின் பெட்டியில் கடந்த 13 மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 12 போதாது, ஏனென்றால் வருடத்துக்கு ஒரு முறை வரும் கடிதம் சில நாள் முன்பின்னாக வரும். noreply, OTP, renewal, invoice, password என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடச் சொல்லுங்கள். இதில் கிடைப்பதுதான் இயந்திரங்களின் பட்டியல். நம் அம்பத்தூர் பட்டறையில் அது இப்படி இருக்கலாம்: அளவுக் கருவிகளின் காலிபரேஷன் நினைவூட்டல், கம்ப்ரசர் பராமரிப்பு ஒப்பந்தம், தீ இன்ஷூரன்ஸ், வாடிக்கையாளரின் சப்ளையர் போர்ட்டல், இணையத்தில் டூல்ஸ் வாங்கும் தளம், ஈபி பில். கம்பெனியின் இணைய முகவரியையே செல்வியின் பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதும் இங்கேதான் வெளிப்படும். அது காலாவதியானால் எல்லோருடைய மெயிலும் நின்றுபோகும் என்பதால் பட்டியலில் அதை மேலே வையுங்கள்.

ஒவ்வொரு தளத்திலும் நுழைந்து முகவரியை purchase@ என்று மாற்ற வேண்டும், தனி மனிதர் முகவரிக்கு மாற்ற வேண்டாம். அடுத்து ரமாவும் ஒருநாள் போவார். பாஸ்வேர்டு தெரியாத இடத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ அழுத்தினால் இணைப்பு selvi@ பெட்டிக்கே வரும். பெட்டி உயிரோடு இருக்கும்போது இது சில நிமிட வேலை. பெட்டியை மூடிய பிறகு அதே காரியத்துக்குக் கம்பெனி லெட்டர்ஹெட், கடிதம், ஆதாரம் என்று வாரக்கணக்கில் அலைய வேண்டும். மூன்று மாத அவகாசம் வைப்பதே இதற்காகத்தான்.

அன்றாட வேலை இதைவிட எளிது. முதல் இரண்டு வாரம் தினமும் காலையும் மாலையும், பிறகு தினம் ஒரு முறை. ஒரு எக்செல் ஷீட்டில் தேதி, அனுப்பியவர், விஷயம், என்ன செய்தோம், முடிந்ததா என்று ஐந்து கட்டம். வாரம் ஒரு முறை ஜங்க் ஃபோல்டரையும் திறந்து பார்க்க வேண்டும். ஜங்கில் விழுந்த மெயிலுக்கு ஆட்டோ-ரிப்ளை போகாது, எனவே அந்த அனுப்புநர் பதிலே இல்லை என்று காத்திருப்பார்.

வருபவற்றில் மூன்றுக்கு ரமாவுக்குத் தெளிவான உத்தரவு வேண்டும்.

வேலை சம்பந்தமான கடிதம் வந்தால் அன்றே purchase@ முகவரியிலிருந்து பதில், உரியவருக்கு ஒப்படைப்பு. இதில் சிக்கல் இல்லை.

செல்வியின் சொந்தக் கடிதம் வந்தால் திறக்கக் கூடாது. அனுப்பியவர் பெயரும் தலைப்பும் போதும், அது சொந்தக் கடிதம் என்று தெரிந்துவிடும். அவர் கொடுத்துவிட்டுப் போன முகவரிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பெட்டியிலிருந்தும் பிரதியை நீக்கிவிட வேண்டும். ஷீட்டில் “தனிப்பட்டது, அனுப்பியாயிற்று” என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தகவலைக் கையாள இடம் தருகிறது. ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பது அந்த நோக்கத்துக்குள் வரும் என்று யாராலும் வாதாட முடியாது. சட்டம் இருக்கட்டும், ஆறு வருடம் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவருக்கு நாம் தர வேண்டிய மரியாதை இது.

மூன்றாவது, பணம் சம்பந்தமான கடிதம். ஜூலை மூன்றாவது வாரம் பாரிமுனைக் கடைக்காரரின் பெயரில் ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவையைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்கிறது. செல்வியாக இருந்தால் அவர்களோடு பேசிப் பழகியவர், நடையைப் பார்த்தே சந்தேகப்பட்டிருப்பார். ரமாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, மோசடிக்காரர்களுக்கு வசதியான காலம் இதுதான். விதி ஒன்றே: மெயிலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது. பழைய பில்லில் அச்சிட்ட எண்ணை எடுத்து அழைக்க வேண்டும். “மேடம், நாங்க கணக்கு எதையும் மாத்தலையே” என்று பதில் வந்தால் அந்த மெயிலை அப்படியே வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்ல வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணத்தை நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

செப்டம்பர் 30

மூன்று மாதம் என்பது பொதுவாகச் சரியாக வரும் அளவு, சட்டம் எதுவும் சொன்னதல்ல. உண்மையில் நாளைத் தீர்மானிப்பது ரமாவின் ஷீட். கடைசி மூன்று வாரத்தில் வேலை சம்பந்தமான மனிதக் கடிதம் எதுவும் வரவில்லை, இயந்திரப் பட்டியலில் எல்லா வரியும் முடிந்தது என்றால் மூடலாம். இரண்டு பேர் இன்னும் பழைய முகவரிக்கே எழுதுகிறார்கள் என்றால் தேதியைத் தள்ளுவதைவிட அந்த இருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது மேல். வருட நினைவூட்டல்களுக்காகப் பெட்டியை ஒரு வருடம் திறந்துவைக்க வேண்டியதில்லை. 13 மாதத் தேடல் அவற்றைப் பிடித்திருக்கும்.

மூடுவது என்றால் புதுக் கடிதம் வருவதை நிறுத்துவது. உள்ளே இருப்பதை அழிப்பது வேறு விஷயம். ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013இன் கீழ் வரும் நிறுவனம் என்றால் கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான ரசீதுகளும் எட்டு நிதியாண்டுகளுக்கு. கொள்முதல் பிரிவின் பெட்டியில் பில்லும் விலை ஒப்புதலும் நிறைய இருக்கும், அவை வேறெங்கும் இல்லாமலும் போகலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 50 ஜிபிக்குள் இருக்கும் ஷேர்டு மெயில்பாக்ஸுக்குச் செலவு இல்லை என்பதால் வைத்திருப்பதில் சுமை எதுவும் இல்லை.

செய்முறை இது. முதலில் ஃபார்வர்டையும் ஆட்டோ-ரிப்ளையையும் அணையுங்கள். ரமாவின் அனுமதியை நீக்குங்கள். பிறகு Active users பக்கத்தில் Manage username and email என்பதைத் திறந்து செல்வியின் முதன்மை முகவரியை old-selvi@example.com என்று மாற்றுங்கள். பழைய selvi@ முகவரி தானாகவே மாற்று முகவரியாகக் கீழே தங்கிவிடும். அதையும் நீக்குங்கள். நீக்காவிட்டால் ஒன்றும் மாறாது, கடிதங்கள் சத்தமில்லாமல் அந்தப் பெட்டிக்குள் விழுந்துகொண்டே இருக்கும், பார்க்க ஆளும் இருக்க மாட்டார்கள். அனுப்பியவருக்கு மெயில் திரும்பி வந்தால் அவருக்கு உண்மை நிலை தெரியும், தொலைபேசியை எடுப்பார்.

சிறிது நேரம் கழித்து ஜிமெயிலிலிருந்து மறுபடி ஒரு சோதனை. இந்த முறை முகவரி இல்லை என்று மெயில் திரும்ப வேண்டும். உள்ளே இருப்பவர்களின் அவுட்லுக் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் என்பதால், To கட்டத்தில் செல்வியின் பெயர் தானாக வந்தால் அதன் பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கச் சொல்லுங்கள்.

ஷீட்டின் கடைசி வரியில் மூடிய தேதி, மூடியவர் பெயர், உள்ளே இருப்பதை எந்தத் தேதி வரை வைத்திருக்கப் போகிறோம் என்பது மூன்றையும் எழுதுங்கள். selvi@ என்ற முகவரியைப் பிறகு அதே பெயரில் சேரும் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். முதல் செல்வியின் வங்கியோ மருத்துவமனையோ இன்னும் அந்த முகவரியைப் பதிவில் வைத்திருக்கக்கூடும். புதியவருக்கு இன்ஷியல் சேர்த்து வேறு முகவரி கொடுத்தால் போதும்.